ககரத்தின் மௌனத்தில் குவியும் உதடு

கண்ணாடியின் முன் நின்று "கீரை" என்று சொல்ல ஆயத்தமாகுங்கள். சொல்லிவிட வேண்டாம். ககரத்துக்காக நாக்கின் பின்பகுதி எழும்பி அண்ணத்தில் ஒட்டுகிறதே, அந்த இடத்தில் அப்படியே நிறுத்துங்கள். உதடுகள் இரு பக்கமும் சற்று விரிந்திருக்கும். அடுத்து "கூரை" என்று சொல்ல ஆயத்தமாகி, அதே இடத்தில் நிறுத்துங்கள். இப்போது உதடுகள் குவிந்து முன்னே வந்திருக்கும். வாயிலிருந்து இன்னும் எந்த ஒலியும் வரவில்லை. ஆனாலும் எதிரில் நிற்பவர் உங்கள் முகத்தைப் பார்த்தே எந்தச் சொல் வரப்போகிறது என்று சொல்லிவிடுவார்.

ககரத்துக்கு உதடு தேவையே இல்லை. அது நாக்கும் அண்ணமும் சேர்ந்து செய்கிற வேலை. குவிவு முழுக்க ஊகாரத்துக்கு உரியது. அந்த ஊகாரம் தன் முறை வருவதற்கு முன்பே ககரத்துக்குள் நுழைந்து உதடுகளை எடுத்துக்கொண்டுவிட்டது. இன்னும் கவனித்தால் நாக்குகூட இரண்டு சொல்லுக்கும் ஒரே இடத்தில் ஒட்டவில்லை என்பது தெரியும். கீரைக்கு அது வன்னண்ணத்தை நோக்கி முன்னே வருகிறது. கூரைக்குப் பின்னே போகிறது. எழுத்தில் ஒரே க். வாயில் இரண்டு.

ஒலியியலில் இதை இணையொலிப்பு என்கிறார்கள். பால் மென்சராத்தும் அர்மாந்து த லசெர்தாவும் 1933இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூல்தான் இதற்குப் பெயர் கொடுத்தது. அவர்கள் பார்த்த முக்கியமான விஷயம், பேச்சு என்பது ஒலிகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்குவது அல்ல, ஒன்றன் மேல் ஒன்றாகச் செய்வது என்பதே. உதட்டுக் குவிவு இதில் மிகத் தெளிவாகத் தெரிகிற பகுதி. ஏனென்றால் அதைப் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை.

நம் இலக்கணம் உதட்டை மறக்கவில்லை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. மெய் தனியே இயங்காது, அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்பதும் அந்த நூலில் உண்டு. எழுதும்போதும் நாம் க், ஊ என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதில்லை; கூ என்று ஒரே வடிவமாகத்தான் எழுதுகிறோம். ஆனால் இவை எதுவும் அந்தக் குவிவு எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்று சொல்வதில்லை. என் தொழிலுக்குத் தேவைப்பட்டது அந்தக் கணம்தான்.

நான் கொழும்பில் ஒலிப்பதிவுகளைத் தொகுத்துக் கொடுப்பவள். வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குச் சற்று மேலே உள்ள மாடி வீட்டின் ஓர் அறையே என் கலையகம். ரயில் போகும்போது நிறுத்தி, போனபின் தொடர்வது பழகிவிட்டது. பெரும்பாலும் சிறுவர்களுக்கான கதைகள், பாடங்கள், அறிவிப்புகள். ஒரு சிறுவர் கதையை ஓய்வுபெற்ற அறிவிப்பாளர் ஒருவர் வாசித்துக் கொடுத்தார். அவரை நான் ஐயா என்றுதான் அழைப்பேன். அவருக்கு நான் "பிள்ளை". கதையில் "இந்தக் கூரை ஒழுகாது" என்று ஒரு வரி. ஐயா "இந்தக் கீரை ஒழுகாது" என்று வாசித்திருந்தார். ஒழுகாத கீரை. அது கவனத்துக்கு வந்தபோது அவர் ரொறன்ரோவில் மகள் வீட்டில் இருந்தார். தொலைபேசியில் கேட்டேன்.

"அங்கிருந்தே ஒருமுறை வாசித்து அனுப்புவீர்களா, ஐயா?"

"அனுப்பலாம், பிள்ளை. ஆனால் இந்தக் குளிரில் என் தொண்டை என் தொண்டையாகவே இல்லை. உள்ளதை வைத்துப் பார்க்க முடியாதா?"

உள்ளதை வைத்துப் பார்ப்பதென்றால், அதே பதிவில் வேறு இடத்தில் அவர் சரியாகச் சொன்ன "கூரை"யை எடுத்து, "இந்தக்" என்பதன் பின்னால் ஒட்டுவது. ஒட்டுவதற்கு மிக வசதியான இடம் க்க என்ற இரட்டிப்பின் நடுப்பகுதி. அங்கே நாக்கு வாயை முழுவதும் அடைத்திருக்கிறது. திரையில் அலைவடிவம் நேர்கோடாகக் கிடக்கிறது. மௌனத்தில் வெட்டி மௌனத்தில் ஒட்டினால் தையல் எப்படித் தெரியும்? தொகுப்பு வேலை கற்கும் எல்லோரும் முதலில் நம்புவது இதைத்தான்.

ஆனால் தெரிந்தது. சொல் புரிந்தது, பிழையில்லை; இருந்தாலும் "இந்தக்" என்பதற்கும் "கூரை"க்கும் நடுவில் ஏதோ தடுக்கியது. ஒலியளவைச் சமன்செய்தாலும் சுருதியைப் பொருத்தினாலும் அந்தத் தடுக்கல் போகவில்லை. அது ஏன் என்று கேட்டுப் போனால் 1966ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேர்வோம்.

அந்த ஆண்டு ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் ஓமன், உயிர் மெய் உயிர் என்ற வரிசையில் அமைந்த சிறு ஒலித்தொடர்களை, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஒலிநிறமாலையில் அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நடுவில் உள்ள மெய் வாயை முழுவதும் அடைக்கும் மெய். அப்படியிருந்தும், முதல் உயிரின் கடைசிப் பகுதி, மெய்யைத் தாண்டி அடுத்து வரப்போகும் உயிருக்கு ஏற்ப மாறியிருந்தது. அதாவது அடைப்புக்கு முன்னாலேயே அடைப்புக்குப் பின்னால் இருப்பது கேட்கத் தொடங்கிவிடுகிறது. உயிர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ச்சியாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. மெய் அந்த நகர்வின் மேல் வந்து அமர்கிறது. இதுதான் ஓமன் கண்ட படம்.

ஐயாவின் பதிவை இந்தக் கண்ணோடு பார்த்தேன். ஒலிநிறமாலையில் கருமையான பட்டைகளாகத் தெரிபவை வாய்க்குழியின் ஒத்ததிர்வுகள். நாக்கும் உதடும் அசையும்போது அவை ஏறி இறங்கும். "இந்தக் கீரை"யில் த என்பதன் அகரம் முடியும் இடத்தில் இரண்டாவது பட்டை மேல்நோக்கி வளைகிறது. நாக்கு ஈகாரத்துக்காக முன்னே போகத் தொடங்கியிருப்பதன் அடையாளம் அது. அதே கதையில் "அந்தக் கூடையை எடு" என்று வேறொரு வரி இருந்தது. அங்கே அதே அகரத்தின் முடிவில் அந்தப் பட்டை அப்படி ஏறவில்லை, தாழ்ந்தே முடிகிறது. நாக்கு பின்வாங்கியிருக்கிறது, உதடு முன்னே நகரத் தொடங்கியிருக்கிறது. ஆக, நான் வெட்டிய மௌனத்துக்கு இடப்பக்கம் இருந்த அகரம் கீரையை அறிவித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் வந்ததோ கூரை. காது தடுக்கியது அதனால்தான். மௌனம் வெறுமையாக இருக்கவில்லை; அதன் இரு கரைகளும் ஒரே உயிரைச் சுட்ட வேண்டியிருந்தது.

வாய் ஏன் இப்படி முந்திக்கொள்கிறது? சாதாரணப் பேச்சில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 ஒலிகள் போகின்றன. ஒன்றுக்கு 100 மில்லிசெக்கனோ அதற்கும் குறைவோதான் கிடைக்கும். உதடு தசையால் ஆனது. அது விரிந்த நிலையிலிருந்து முழுக் குவிவுக்கு வந்து சேரவே அந்த அளவு நேரம் எடுக்கும். ககரம் வெடித்த பிறகுதான் உதடு புறப்படும் என்றால், ஊகாரத்தின் பெரும்பகுதி குவியாத வாயில் கழிந்துபோகும். ககரம் சொல்லும்போது உதடு சும்மாதான் இருக்கிறது. சும்மா இருக்கும் உறுப்பு அடுத்த வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறது. பகரத்தில் இது இவ்வளவு தெளிவாக நடக்காது. அங்கே உதடுகளே அடைப்பைச் செய்கின்றன. "பூனை"க்கும் "பீலி"க்கும் உதடு முதலில் மூடியாக வேண்டும். அப்போது நாக்கு சும்மா இருப்பதால், முந்திக்கொள்வது அதன் முறையாகிவிடுகிறது. கண்ணாடியில் அது தெரியாது.

உதடு முந்திக்கொள்வதால் மெய்யின் ஒலி எவ்வளவு மாறும் என்பதைச் சகரத்தில் எளிதாகக் கணக்கிடலாம். கொழும்பில் நம்மில் பலர் சொல்லின் தொடக்கத்தில் வரும் சகரத்தைச் சீறல் ஒலியாகவே சொல்கிறோம். "சீலம்", "சூலம்" என்ற சோடியை எடுத்துக்கொள்வோம். அந்தச் சீறல், நாக்குநுனி அருகே உள்ள இடுக்கில் காற்று பாய்வதால் பிறந்து, அங்கிருந்து உதடுவரை உள்ள சிறு குழியில் ஒத்ததிர்கிறது. ஒரு முனை ஏறத்தாழ மூடியும் மறுமுனை திறந்தும் உள்ள குழாயாக அந்தக் குழியை எண்ணினால், அதன் முதல் ஒத்ததிர்வு, ஒலியின் வேகத்தைக் குழியின் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். வாய்க்குள் உள்ள வெதுவெதுப்பான காற்றில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர். குழி 2 சென்ரிமீற்றர் என்றால் 4375 ஹெர்ட்ஸ். ஊகாரத்துக்காக உதடு அரை சென்ரிமீற்றர் முன்னே வந்து குழி 2.5 சென்ரிமீற்றர் ஆனால் 3500 ஹெர்ட்ஸ். உண்மையான வாய் இவ்வளவு நேரான குழாய் அல்ல. உதட்டின் துவாரம் சிறுப்பதும் ஒத்ததிர்வைக் கீழே இழுக்கும். ஆனாலும் மாற்றம் எந்தத் திசையில், எந்த அளவில் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். கேட்காமல் விடக்கூடிய வித்தியாசம் அல்ல இது.

அப்படியானால் சீலத்தின் சகரமும் சூலத்தின் சகரமும் வேறு வேறு என்று நாம் ஏன் உணர்வதில்லை? 1980இல் விர்ஜினியா மானும் புரூனோ ரெப்பும் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஸகரத்துக்கும் ஷகரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும் செயற்கைச் சீறல் ஒன்றைக் கேட்போருக்குக் கொடுத்தார்கள். பின்னால் அகரம் போன்ற உயிர் வந்தபோது ஷ என்று கேட்ட அதே சீறல், பின்னால் ஊகாரம் வந்தபோது ஸ என்று கேட்கும் பக்கம் சாய்ந்தது. சீறல் தாழ்ந்திருப்பதற்குக் காரணம் வரப்போகும் ஊகாரத்தின் குவிவே என்று கேட்பவரின் காது கணக்குப் பண்ணி, அந்தத் தாழ்வைக் கழித்துவிடுகிறது. பேசும் வாய் கலந்து கொடுப்பதைக் கேட்கும் காது பிரித்து எடுக்கிறது.

இதை என் மேசையில் நீங்களும் கேட்கலாம். சூலத்தின் சீறலை மட்டும் வெட்டி, சீலத்தின் "ஈலம்" என்பதற்கு முன்னால் ஒட்டிப் போட்டால், "ஷீலம்" என்பதன் பக்கம் சாய்ந்து கேட்கிறது. காது கழிக்க நினைத்த குவிவு பின்னால் வரவில்லை. அதனால் தாழ்வு தாழ்வாகவே மிஞ்சிவிடுகிறது. எழுத்தில் ஒரே ச் என்பதற்காக ஒன்றின் ச்-ஐ இன்னொன்றுக்கு இரவல் கொடுக்க முடியாது. 1953இல் சிரில் ஹாரிஸ் இதைப் பெரிய அளவில் முயன்றார். ஒலிநாடாவில் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியே வெட்டியெடுத்துச் சேர்த்துச் சொற்களைக் கட்டப் பார்த்தார். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரே துண்டு போதும் என்ற எண்ணம் நிற்கவில்லை. சூழலுக்கேற்ற பல துண்டுகள் தேவைப்பட்டன.

இதுவரை சொன்னவற்றில் பெரிய தகராறு இல்லை. தகராறு, குவிவு எவ்வளவு முன்பே தொடங்குகிறது என்பதில்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. ஏனென்றால் இங்கே தமிழுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது.

ஒரு கட்சி சொல்வது இது. மூளை முன்னே பார்க்கிறது. தடுக்கும் ஒலி எதுவும் நடுவில் இல்லாவிட்டால் குவிவு உடனே தொடங்கிவிடும். வில்லியம் ஹென்கே 1966இல் இப்படி ஒரு மாதிரியை முன்வைத்தார். 1968இல் டானிலாஃப், மோல் இருவரும் ஆங்கிலம் பேசுவோரைப் படம் பிடித்து, ஊகாரத்துக்கு முன்னால் நான்கு மெய்கள் இருந்தாலும் முதல் மெய்யிலேயே உதடு புறப்பட்டுவிடுவதைக் காட்டினார்கள். அசை எல்லையோ சொல் எல்லையோ அதைத் தடுக்கவில்லை. இந்தக் கட்சியின்படி, நடுவில் உள்ள மெய் நீளநீளக் குவிவின் தொடக்கமும் பின்னே பின்னே போகும்.

மற்றக் கட்சி ஃப்ரெட்ரிகா பெல்-பெர்ட்டியும் கேத்தரின் ஹாரிஸும். அவர்கள் உதட்டைச் சுற்றியுள்ள தசையின் மின்சாரச் சலனத்தை அளந்தார்கள். உயிர் தொடங்குவதற்கு முன் ஏறத்தாழ மாறாத ஒரு கால இடைவெளியில் தசை விழிக்கிறது. நடுவில் எத்தனை மெய் இருந்தாலும் அந்த இடைவெளி மாறுவதில்லை என்று 1979இலும் அதன் பின்னரும் எழுதினார்கள். இதன்படி, மெய்யை நீட்டினால் அதன் முன்பகுதி குவியாமலே கழியும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரே மெய்யைக் குறுகியதாகவும் நீண்டதாகவும் சொல்லவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்காக மெய்களை வரிசையாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்க்கும் ஒவ்வொரு மெய்யும் தன் பழக்கங்களோடு வருகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. "நல்ல கூரை" என்றால் ககரம் மிகாது. "இந்தக் கூரை" என்றால் மிகும். முன்னால் இருப்பது இரண்டிலும் அகரமே. பின்னால் இருப்பது இரண்டிலும் ஊகாரமே. நடுவில் உள்ள அடைப்பு மட்டும் ஒன்றில் ஏறத்தாழ இன்னொன்றின் இரு மடங்கு. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பறித்த வல்லினம் மிகும் இடங்கள் ஒலியியல் ஆய்வுக்கு இவ்வளவு நேர்த்தியாக உதவும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என் பெறாமகள் ஆரணியை அமர்த்திக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். மெதுவோட்டப் படத்தில் செக்கனுக்கு 240 சட்டங்கள் என்றால், ஒரு சட்டம் ஏறத்தாழ 4 மில்லிசெக்கன். உதட்டின் அசைவுக்கு அது தாராளம். முகத்தின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் ஒரே படத்தில் விழும். குவிவில் துவாரம் சிறுப்பது முன்னிருந்தும், உதடு முன்னே நீள்வது பக்கத்திலிருந்தும் தெரியும். மூக்கு நுனியில் பேனாவால் ஒரு புள்ளி. தலை அசைந்தால் உதடு அசைந்ததாக ஏமாறாமல் இருக்க, அந்தப் புள்ளியிலிருந்து உதட்டின் தூரத்தை அளக்க வேண்டும். மெதுவோட்டப் படத்தில் ஒலியும் படமும் விலகிப்போகக்கூடும் என்பதால், ஒவ்வொரு தொடருக்கும் முன் ஒரு கைதட்டல்.

"பெரியம்மா, கூரையைத்தானே பார்க்க வேண்டும், கீரையை எதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. இந்தத் துறையே பல ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த கேள்வி. உதடு அசைந்தது என்பதாலேயே அது ஊகாரத்துக்காக அசைந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலச் சகரம் சொல்லும்போது பலரின் உதடு தானாகவே கொஞ்சம் அசைகிறது. பின்னால் ஈகாரம் வந்தாலும் அசைகிறது. 1989இல் கெல்ஃபர், பெல்-பெர்ட்டி, ஹாரிஸ் மூவரும் இதைத் தெளிவாக எழுதினார்கள். வெகு முன்பே தொடங்கிய குவிவு என்று மற்றவர்கள் எண்ணியதில் ஒரு பகுதி, மெய்யின் சொந்த அசைவாக இருக்கலாம். அதைக் கண்டறிய ஒரே வழி, ஊகாரம் இல்லாத சோடிச் சொல்லையும் அதே வாயில் சொல்லவைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. ஆகவே "நல்ல கீரை", "இந்தக் கீரை". கீரையும் கூரையும் எந்த இடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றனவோ அந்தச் சட்டம்தான் குவிவின் தொடக்கம்.

சொல்லைத் தேர்வதில் இன்னுமொரு பொறி உண்டு. உகரம் எழுதியிருக்கும் இடமெல்லாம் உதடு குவியும் என்று நினைத்துவிடக் கூடாது. "காசு", "பாட்டு" என்று சொல்லிக் கண்ணாடியைப் பாருங்கள். அந்தக் குற்றியலுகரத்துக்கு உதடு அசைவதில்லை. காசின் சகரமும் குவிவதில்லை. உதடு எழுத்துக்குப் பணிவதில்லை, ஒலிக்குத்தான் பணிகிறது. ஆகவே சோதனைக்குச் சொல்லின் முதலசையில் உள்ள நெட்டுயிரே பாதுகாப்பானது.

ஆரணியின் வாயில் கண்டதைச் சொல்கிறேன். "நல்ல கூரை"யில் அகரம் முடிவதற்குச் சற்று முன்பே கூரை கீரையிலிருந்து பிரியத் தொடங்கியது. "இந்தக் கூரை"யில் அடைப்பு தொடங்கும் இடத்தை ஒட்டி ஒரு மெல்லிய நகர்வு. பிறகு உயிர் நெருங்கும்போது ஒரே பாய்ச்சலாக முழுக் குவிவு. மெதுவான தொடக்கம், வேகமான முடிவு. ஜோசஃப் பெர்க்கல் 1986இல் முன்வைத்த கலப்பு மாதிரி இதைத்தான் சொல்கிறது. முதல் கட்டம் நேரம் கிடைக்கும்போதே புறப்பட்டுவிடுகிறது. இரண்டாம் கட்டம் உயிரோடு நேரத்தால் கட்டப்பட்டிருக்கிறது. இரு கட்சிகளும் ஒரே அசைவின் வெவ்வேறு பகுதியை அளந்தன என்பதே இதன் பொருள். ஒரு சிறுமியின் வாயை வைத்துத் தமிழுக்கு விதி எழுத முடியாது. ஆளுக்கு ஆள் வேறுபாடு இந்த ஆய்வுகள் அனைத்திலும் பெரிதாகவே வந்திருக்கிறது. ஆனால் முந்தைய அகரத்தின் கடைசியிலிருந்தே வேலை தொடங்கிவிடுகிறது என்பது என் ஒட்டுக்குப் போதுமான தகவல்.

மொழிக்கு மொழியும் வேறுபடும். சுசான் பாய்ஸ் 1990இல் துருக்கி மொழி பேசுவோரையும் ஆங்கிலம் பேசுவோரையும் ஒப்பிட்டார். ஊகாரம், மெய்கள், மறுபடி ஊகாரம் என்ற வரிசையில் ஆங்கிலம் பேசுவோரின் உதடு நடுவில் தளர்ந்து மறுபடி குவிந்தது. துருக்கியரின் உதடு தளராமல் அப்படியே நின்றது. துருக்கி மொழியில் ஒரு சொல்லின் உயிர்கள் குவிவில் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வழக்கம் உண்டு. அவர்களுடைய உதடு அதற்குப் பழகியிருக்கிறது. நம் மொழியில் இதைப் பார்க்க நல்ல சொல் "பூக்கூடை". நடுவில் உள்ள க்க-வில் உங்கள் உதடு தளர்கிறதா, நிற்கிறதா என்று படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் வெறுமனே பார்த்தால் பிடிபடாது. அவ்வளவு விரைவாக முடிந்துவிடும்.

இனி ஐயாவின் வரி. மௌனத்தில் வெட்டக் கூடாது என்றால் எங்கே வெட்டுவது? ஒலிகளின் எல்லையில் அல்ல, ஒலிகளின் நடுவில். ஓர் ஒலியின் நடுப்பகுதிதான் அயலின் பாதிப்பு மிகக் குறைந்த இடம். எல்லையோ இரண்டும் கலந்து கிடக்கும் இடம். ஒலியின் நடுவிலிருந்து அடுத்த ஒலியின் நடுவரை ஒரு துண்டு என்ற முறையைப் பீட்டர்சன், வாங், சிவெர்ட்சென் மூவரும் 1958இல் எழுதினார்கள். கணினிப் பேச்சு பல காலம் இந்த வகைத் துண்டுகளால்தான் கட்டப்பட்டது.

மூன்று துண்டுகள் தேவைப்பட்டன. முதலாவது, அவருடைய "இந்தக் கீரை"யிலிருந்து "இந்த" என்பதன் அகரத்தின் நடுப்பகுதிவரை. அதற்குமேல் எடுத்தால் கீரை எட்டிப்பார்க்கத் தொடங்கிவிடும். இரண்டாவது, "அந்தக் கூடையை" என்ற வரியிலிருந்து: அகரத்தின் நடுவில் தொடங்கி, க்க-வின் முழு மௌனத்தையும், வெடிப்பையும், ஊகாரத்தின் முதல் பாதியையும் உள்ளடக்கிய துண்டு. குவிவு இதற்குள் தொடக்கம் முதல் முடிவுவரை முழுதாக இருக்கிறது. ஊகாரத்தின் பின்பாதியை அங்கிருந்து எடுக்க முடியாது. நாக்கு டகரத்துக்காக வளையத் தொடங்கிவிடும், மூன்றாவது பட்டை கீழே இறங்குவது திரையிலேயே தெரியும். ஆகவே மூன்றாவது துண்டு, அவர் வேறிடத்தில் சொன்ன "கூரை"யிலிருந்து ஊகாரத்தின் நடுமுதல் "ரை" முடியும்வரை. "ரை"யை மட்டும் கீரையிலிருந்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ரகரம் தனக்கு முன்னால் வந்த உயிரின் மிச்சத்தையும் சுமக்கிறது; ஈகாரத்தின் பின் வந்த ரகரம் ஊகாரத்தின் பின் பொருந்தாது.

இரண்டு ஒட்டும் உயிரின் நடுவில் விழுவதால் அலைவடிவம் சுழியைக் கடக்கும் புள்ளியில் வெட்டி, சில மில்லிசெக்கன் ஒன்றன் மேல் ஒன்று படியவைக்க வேண்டும். சுருதியும் பொருந்த வேண்டும். ஐயா "அந்தக் கூடையை" என்பதைச் சற்று உயர்த்திச் சொல்லியிருந்தார், அதை இறக்கினேன். மூன்று துண்டும் ஒரே நாளில், ஒரே ஒலிவாங்கியின் முன் பதிவானவை என்பது பெரிய அனுகூலம்.

ஒட்டு சரியா என்று பார்க்க வரியை முழுதாகப் போட்டுக் கேட்பது போதாது. முழு வரியில் கதையின் பொருள் காதுக்கு உதவி செய்துவிடும். க்க-வின் மௌனத்துக்கு முன்பே, "இந்த" என்பதன் அகரம் முடியும் இடத்தில் பதிவை நிறுத்தி, கதை தெரியாத ஒருவரிடம் "அடுத்து வருவது கீரையா, கூரையா?" என்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு அன்ரியிடம் பழைய ஒட்டையும் புதிய ஒட்டையும் கலந்து, சில தடவைகள் வரிசை மாற்றிக் கேட்டேன். அது வெறும் ஊகந்தான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் பழைய ஒட்டுக்குப் பெரும்பாலும் கீரை என்றும், புதியதற்குப் பெரும்பாலும் கூரை என்றும் சொன்னார்.